தந்தையாரின் பழுதடைந்த புகைப்படத்தைச் சீரமைத்துத் தருமாறு கோரும் கடிதம்

வியாசர்பாடி,
சென்னை - 600 039.
14.07.2025

பெறுநர்:
உரிமையாளர் அவர்கள்,
புகைப்பட ஸ்டூடியோ,
திருவொற்றியூர் நெடுஞ்சாலை,
தண்டையார்பேட்டை, சென்னை - 600 081.

ஐயா,

வணக்கம். சென்னைத் துறைமுகத்தில் கிரேன் இயக்குநராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற என் தந்தையார் கடந்த ஐப்பசியில் காலமானார். அவருடைய இளவயதுக் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை என் தம்பி மூலம் கொடுத்தனுப்பியுள்ளேன். 1984-இல் எடுக்கப்பட்ட அந்தப் படத்துக்கு நெகட்டிவ் இல்லை. வேறு பிரதியும் இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வீட்டுக்குள் புகுந்த தண்ணீரில் சட்டத்தோடு நனைந்த படம், காயும்போது கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு மூலையைப் பிரிக்க உறவினர் ஒருவர் முயன்றதில், சட்டைக் காலரின் இடப்பக்கமும் காதின் கீழ்ப்பகுதியும் உரிந்துபோயின. ஆகையால் தயவுசெய்து படத்தைக் கண்ணாடியிலிருந்து பிரிக்கவோ மீண்டும் நனைக்கவோ வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்து, அல்லது வெளிச்சம் பிரதிபலிக்காத கோணத்தில் கேமராவில் எடுத்து, அந்தப் பிரதியில் மட்டும் வேலை செய்யுமாறு வேண்டுகிறேன்.

நெற்றியின் குறுக்கே ஓடும் இரண்டு கோடுகளைக் குறித்து மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேலே நீளமாக இருப்பது தாளில் விழுந்த விரிசல், அதை நீக்கிவிடலாம். ஆனால் வலப் புருவத்தை வெட்டிக்கொண்டு இறங்கும் சிறிய கோடு, வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரும்புக் கம்பிவடம் அறுந்து அடித்ததால் ஏற்பட்ட தழும்பு. அது இல்லாவிட்டால் எங்கள் அம்மாவுக்கு அது அப்பாவின் முகமாகவே தெரியாது. காதின் வடிவத்துக்கு உதவியாக, அவருடைய துறைமுக அடையாள அட்டையையும் இணைத்துள்ளேன். அதிலுள்ள படம் பிற்காலத்தது என்பதால் முகச் சுருக்கங்களை அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாலை போடும் படங்களுக்குக் கோட்டும் டையும் ஒட்டி, நிறத்தை வெளுப்பாக்கி, பின்னால் நீலத் திரை வைத்துக் கொடுக்கும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அப்பா கறுத்த மனிதர். வாழ்நாளில் கோட்டு அணிந்ததில்லை. கட்டம்போட்ட அந்தச் சட்டையிலேயே, கறுப்பு வெள்ளையிலேயே அவர் இருக்கட்டும். உரிந்த இடத்தை முழுமையாக நிரப்ப இயலாவிட்டால், தோராயமாக வரைந்து சேர்ப்பதைவிட அந்த ஓரத்தை மங்கலாக விட்டுவிடுவதே எங்களுக்கு உகந்தது.

அச்சிடுவதற்கு முன், திருத்திய படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அம்மாவிடம் காட்டி ஒப்புதல் தெரிவிக்கிறேன். பிறகு 12×15 அங்குல அளவில், பளபளப்பில்லாத தாளில் ஒரு பிரதியும், தம்பிக்குச் சிறிய அளவில் ஒன்றும், கோப்பு ஒரு பென் டிரைவிலும் தேவை. முதலாண்டுத் திதி ஐப்பசியில் வருவதால் புரட்டாசி முடிவதற்குள் கிடைத்தால் போதும், அவசரப்பட வேண்டியதில்லை. கட்டணத்தைத் தம்பியிடம் தெரிவித்தால் முன்பணம் செலுத்திவிடுவார். மூலப் படத்தை, இப்போதுள்ள நிலையிலேயே, கண்ணாடியுடன் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கு. தமிழ்ச்செல்வி