திரு என்பது மரியாதை இல்லை, பெயர்

அனைவருக்கும் வணக்கம். நெறியாளர் என் பெயரை மூன்று முறை முயன்றார். அவர்மேல் குறையில்லை, ஆங்கிலத்தில் 16 எழுத்து. தமிழில் 8 எழுத்துதான், அதிலும் மூன்று துண்டு: திரு, நாவுக்கு, அரசு. சேர்த்துச் சொல்லுங்கள்: திரு-நாவுக்-கரசு. 'க்' மேல் கொஞ்சம் அழுத்தினால் போதும், மீதி தானாக வந்துவிடும்.

நாவுக்கு அரசன் என்று பொருள். ஆனால் இந்தப் பெயரில் நாக்கு தடுக்காதவரை நான் அதிகம் பார்த்ததில்லை! ஒரு பயிற்சி முகாமில் 'திரு'வை மரியாதைச் சொல் என்று நினைத்து வெட்டிவிட்டு, அட்டையில் 'மிஸ்டர் நாவுக்கரசு' என்று அடித்துக் கொடுத்தார்கள். இரண்டு நாளும் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே திரிந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் கடலூர், திருப்பாதிரிப்புலியூர். கல்லில் கட்டிக் கடலில் தள்ளப்பட்ட திருநாவுக்கரசர், அதாவது அப்பர், கரையேறியது எங்கள் ஊர்ப் பக்கம்தான் என்பது ஐதிகம். அதனால் எங்கள் தெருவில் 'அரசு' என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவோம்.

பன்னிரண்டு வருடமாகப் பிச்சாவரத்தில் அலையாத்திக் காடுகளைப் பார்த்துவருகிறேன். சுரபுன்னை எங்கே வேர் பிடிக்கிறது, உப்பு ஏறிய மண்ணுக்கு மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி அலைநீரை உள்ளே விட்டால் என்ன ஆகிறது, இதுதான் என் வேலை. இன்று புதுச்சேரியில் அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

கேள்வி கேட்கும்போது 'அரசு' என்றே கூப்பிடலாம். முதல் படத்தைப் போடுங்கள், தம்பி.