செந்தூல் குடியிருப்பு: தண்ணீர் நிலவரம் (இன்று மாலை 5.30)

அனைவருக்கும் வணக்கம். இன்று மதியம் 2 மணி முதல் நம் இரண்டு புளோக்குகளுக்கும் வெளியிலிருந்து தண்ணீர் வரவில்லை. பிரதான சாலை ஓரத்தில் பெரிய குழாய் உடைந்திருப்பதாகவும், பழுதுபார்க்கும் குழு வந்துவிட்டதாகவும் விநியோக நிறுவனம் போனில் சொன்னது. எப்போது சரியாகும் என்று நேரம் தரவில்லை. குரூப்பில் சுற்றும் "மூன்று நாள் தண்ணீர் இல்லை" என்ற செய்தியை யாரும் உறுதி செய்யவில்லை, தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

மொட்டைமாடித் தொட்டியில் பாதிக்குக் கொஞ்சம் மேல் இருக்கிறது. கீழ்த்தொட்டி வற்றினால் பம்ப் கெட்டுவிடும் என்பதால் அதை நிறுத்திவைத்துள்ளோம். மேலே இருப்பதுதான் இன்றிரவுக்கு. சமையலுக்கும் கழிப்பறைக்கும் மட்டும் பயன்படுத்துங்கள். துணி துவைப்பது, கார் கழுவுவது நாளைக்கு ஆகட்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் தோங் நிரப்பினால் ஒரு மணி நேரத்தில் தொட்டி காலி, அப்புறம் யாருக்கும் இல்லை.

தண்ணீர் லோரி கேட்டிருக்கிறோம், இன்னும் உறுதியாகவில்லை. வந்தால் ஜகா போஸ்ட் பக்கம் நிற்கும். தூக்க முடியாத பெரியவர்கள், கைக்குழந்தை உள்ள வீடுகள் யூனிட் எண்ணை எனக்குத் தனியாக அனுப்புங்கள். இளைஞர்கள் நான்கு பேர் தூக்கித் தர முன்வந்திருக்கிறார்கள்.

தண்ணீர் திரும்பியதும் முதலில் கலங்கலாக வரலாம். தெளியும் வரை வாஷிங் மெஷினையும் வாட்டர் ஹீட்டரையும் போடாதீர்கள்.

அடுத்த தகவல் இரவு 9 மணிக்கு. புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் எழுதுவேன்.

செயலாளர், குடியிருப்போர் சங்கம்