மதிப்புரைப் பகுதிக்கு: ‘மூன்று கிலோமீட்டர் இருட்டு’, பக்க அமைப்பில்

அன்புள்ள மேடம், வணக்கம்.

நீங்கள் அனுப்பிய வரைவை நம் இதழின் மதிப்புரைப் பக்க அமைப்புக்கு மாற்றிக் கீழே தந்திருக்கிறேன். புதன்கிழமைக்குள் பார்த்துச் சொல்லிவிட்டால் பக்கம் கட்டிவிடலாம்.

மாரிக்குப்பம் ரயிலில் நீங்கள் போய்வந்த பத்தியை முழுவதும் எடுத்துவிட்டேன். எனக்குப் பிடித்த பத்திதான். ஆனால் நூல் விவரத்துக்கு அடுத்த வரியிலேயே நூலைப் பற்றிய பேச்சு தொடங்க வேண்டும் என்பது இந்தப் பகுதியின் வழக்கம். அதைத் தனிக் கட்டுரையாகத் தந்தால் மகிழ்ச்சி. உள்தலைப்புகள் போயின. அடிக்குறிப்புகளில் இருந்த பக்க எண்கள் அடைப்புக்குறிக்குள் வந்துவிட்டன. ‘ஒவ்வொரு தமிழரும் படிக்க வேண்டிய நூல்’ என்ற கடைசி வரியை நீக்கினேன். நீங்களே நாலு குறை சொல்லிவிட்டு அப்படி முடிப்பது ஒட்டவில்லை. ‘திரு’, ‘அவர்கள்’ இரண்டும் எங்கும் இல்லை. மரியாதைக் குறைவு என்று ஆசிரியர் நினைக்கக் கூடாது, எல்லா நூலுக்கும் இப்படித்தான் போடுகிறோம்.

நூல் விவரத்தை வரைவிலிருந்து எடுக்காமல் பிரதியைப் பார்த்தே போட்டேன். வரைவில் 240 பக்கம் என்று இருந்தது. முன்பக்கங்கள் 16, உடல் 216, எண்ணிடாத படப் பக்கங்கள் 8; மொத்தம் சரிதான், ஆனால் பிரித்துக் காட்டுவதுதான் முறை. ஐஎஸ்பிஎன் இல்லை. அந்த வரியை விட்டுவிட்டால் நாம்தான் மறந்துவிட்டோம் என்று நூலகத்துக்காரர்கள் நினைப்பார்கள். அதனால் ‘இல்லை’ என்றே இருக்கட்டும்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஏர் பிளாஸ்ட் பகுதிக்கு ப. 88 என்று குறித்திருக்கிறீர்கள். என் பிரதியில் அது 98இல் இருக்கிறது, 98 என்றே போட்டிருக்கிறேன். உங்கள் பிரதியையும் ஒருமுறை புரட்டிவிடுங்கள். அப்புறம், ஆசிரியர் அல்சூரில் உங்கள் பக்கத்து வீட்டில் இருந்தவர் என்று போனில் சொன்னீர்கள் அல்லவா, அதைக் கடைசியில் ஒரு வரியாகச் சேர்த்திருக்கிறேன். அது இருப்பதுதான் நல்லது.

அன்புடன்,
மதிப்புரைப் பகுதி உதவியாசிரியர்

---

நூல் மதிப்புரை

மூன்று கிலோமீட்டர் இருட்டு: தங்கவயல் நினைவுகள்
சே. அந்தோணிசாமி
பெங்களூரு: ஆசிரியர் வெளியீடு
முதல் பதிப்பு, டிசம்பர் 2023
பக்கங்கள் 16 + 216, படங்கள் 8 பக்கம். டெமி, சாதா அட்டை
விலை ரூ. 280
ஐஎஸ்பிஎன்: இல்லை

கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, தானும் சுரங்கத்தில் இறங்கி, 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டபோது வேலையிழந்தவர் எழுதிய நினைவு நூல் இது. அதன்பின் அந்தோணிசாமி பெங்களூருக்கு வந்து ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளியாக இருந்திருக்கிறார். அந்த வாழ்க்கைக்கு நூலில் ஒரே ஒரு இயல்தான். மற்ற பதினொன்றும் தங்கவயலுக்கே.

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்க வேலையைக் கையிலெடுத்ததையும், வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து தமிழர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், அங்கே போய்ச் சேர்ந்ததையும் முதல் இரண்டு இயல்கள் சொல்கின்றன. பாடப்புத்தக நடை, வேகமாகப் புரட்டிவிடலாம். மூன்றாம் இயலில் ஆசிரியரின் அப்பா வருகிறார், நூலுக்கு உயிர் வருகிறது. ஷிப்டுக்குப் போகும்போது அவர் தலைவிளக்கை ஒருமுறை அணைத்து ஏற்றிப் பார்ப்பார், கூண்டில் ஏறும்வரை யாரோடும் பேசமாட்டார், திரும்பி வந்ததும் கண் இமைக்குள் ஒட்டிய தூளை அம்மா முந்தானை நுனியால் எடுப்பார் (ப. 41). எட்டு வயதுப் பையன் பார்த்ததைத் தாண்டி ஒரு சொல்லும் கூடுதலாக இல்லை.

நூலின் உச்சம் ஆறாம் இயல். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறை தாங்கும் அழுத்தம் திடீரென்று விடுபட்டு வெடிக்கும். தொழிலாளர்கள் இதை ஏர் பிளாஸ்ட் என்பார்கள். கீழே வெடித்தால் மேலே தொழிலாளர் குடியிருப்பான லைன் வீடுகளில் பாத்திரம் ஆடும். பாத்திரம் ஆடிய கணத்திலிருந்து ஷாஃப்ட் வாசலில் பெண்கள் கூடும் வரையிலான நேரத்தை மூன்று பக்கம் எழுதுகிறார் (பக். 98–100). சாவு எண்ணிக்கை எதுவும் தரவில்லை. எந்த வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினார்கள், எந்த வீட்டில் அப்படியே விட்டு ஓடினார்கள் என்பதைச் சொல்கிறார். அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

சிவசமுத்திரத்திலிருந்து 1902இல் காவிரி மின்சாரம் சுரங்கத்துக்கு வந்தது. பெங்களூர்த் தெருக்களுக்கு மின்விளக்கு வந்தது 1905இல்தான். இந்தப் பெருமையைத் தங்கவயலைப் பற்றி எழுதுகிற எல்லோரும் சொல்வார்கள். அந்தோணிசாமியும் சொல்கிறார்; சொன்ன கையோடு, தன் சிறுவயதில் அவர்கள் லைனில் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கு என்கிறார் (ப. 57). இரண்டு வாக்கியம்தான். அதற்குப் பிறகு அந்தப் பெருமையைப் பழைய மாதிரி படிக்க முடியவில்லை.

குறைகளில் பெரியது ஒன்று. மாரிக்குப்பத்தில் வேரூன்றிய தமிழ் பௌத்த இயக்கத்துக்கு நூலில் ஒன்றரைப் பக்கமே கிடைத்திருக்கிறது (பக். 132–133). இயக்கத்தின் முன்னோடி அயோத்திதாசர் 1914இல் மறைந்த பின், அவர் நடத்திய ‘தமிழன்’ இதழ் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து வெளிவந்தது. சுரங்கத் தொழிலாளர்கள் படித்தார்கள், எழுதினார்கள், அச்சடித்தார்கள். தன் தாத்தா அந்தக் கூட்டங்களுக்குப் போனவர் என்று ஆசிரியரே குறிப்பிடுகிறார். அங்கே என்ன பேசினார்கள், வீட்டுக்கு எந்தப் பத்திரிகை வந்தது, பிறகு குடும்பம் எப்படித் தேவாலயத்தின் பக்கம் வந்தது, எதுவும் இல்லை. வேறு யாரும் எழுத முடியாத இயல் அது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் எழுதாமல் விட்டிருக்கிறார்.

சுரங்கம் 1956இல் மைசூர் அரசின் கைக்கு வந்ததும், 1972இல் பாரத் கோல்ட் மைன்ஸ் ஆனதும் தேதிகளாக மட்டும் வருகின்றன. முதலாளி மாறியபோது லைனில் என்ன மாறியது என்ற கேள்விக்குப் பதில் தேடினால் ஏமாற்றம். தங்கம் பிரித்தெடுத்த கழிவு குவிந்த சயனைடு மேடுகளிலிருந்து காற்றுக் காலத்தில் பறக்கும் தூளைப் பற்றிய இயல் கோபத்தோடு தொடங்கிப் பாதியில் செய்தித்தாள் அறிக்கையாகிவிடுகிறது.

படங்கள் நல்லவை, அச்சு மோசம். எட்டில் மூன்றில் முகங்களே தெரியவில்லை. எடுத்த ஆண்டும் இடமும் எந்தப் படத்துக்கும் கீழே இல்லை. உரிகம், ஊர்காம், ஊரிகாம் என்று ஒரே ஊர் மூன்று விதமாக வருகிறது. மெய்ப்புப் பார்க்க ஒருவர் இருந்திருந்தால் போதும்.

மொழி தங்கவயல் தமிழ். கன்னடமும் தெலுங்கும் ஆங்கிலமும் கேட்காமலே உள்ளே வந்து உட்கார்ந்திருக்கின்றன. அதைத் திருத்தாமல் விட்டது நல்ல முடிவு. ஆனால் ஷிப்டு, பாறை, கருவி சார்ந்த சொற்களுக்குப் பின்னிணைப்பாக ஒரு பட்டியலாவது வேண்டும். தங்கவயலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஐந்தாம் இயலில் பாதி புரியாது. பெயர் அடைவும் இல்லை. லைன் வாரியாக ஏராளமான குடும்பங்கள் வரும் நூலில், தன் தாத்தாவைத் தேடிவரும் பேரனுக்கு முதலில் வேண்டியது அதுதான். இரண்டாம் பதிப்பில் இவை இரண்டும் சேர வேண்டும்.

– ம.க., பெங்களூரு

(மதிப்புரையாளரும் நூலாசிரியரும் முன்பு அண்டை வீட்டார்.)