யார் யாருக்குக் கீழ்: சுவர் வரைபடத்தின் போட்டோவிலிருந்து எடுத்த பட்டியல்

படத்தில் மொத்தம் 11 பெட்டிகள். உள்தள்ளி இருப்பவர் மேலே உள்ளவருக்குக் கீழ்.

- நிர்வாக இயக்குநர்
  - உற்பத்தி மேலாளர்
    - ஷிப்ட் மேற்பார்வையாளர்கள் (2 பேர்)
      - மெஷின் ஆபரேட்டர்கள்
    - பராமரிப்புப் பொறியாளர்
  - தரக் கட்டுப்பாட்டு அலுவலர்
  - நிதி மேலாளர்
    - கணக்காளர்
  - விற்பனை மேலாளர்
    - விற்பனைப் பிரதிநிதிகள்
  - மனிதவள அலுவலர்

தரக் கட்டுப்பாட்டு அலுவலரிடமிருந்து இரண்டு கோடுகள் போகின்றன. முழுக்கோடு நிர்வாக இயக்குநருக்கு. புள்ளிக்கோடு உற்பத்தி மேலாளருக்கு. முழுக்கோட்டையே பட்டியலில் எடுத்திருக்கிறேன். உற்பத்தியைச் சோதிப்பவர் அந்த மேலாளருக்கே கட்டுப்பட்டவராகத் தெரியக் கூடாது. புள்ளிக்கோடு அன்றாடத் தகவல் பரிமாற்றத்துக்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

கணக்காளர் பெட்டியின் மேல் ஃபிளாஷ் வெளிச்சம் பட்டு, ‘கணக்’ மட்டும்தான் தெரிகிறது. ‘கணக்கு உதவியாளர்’ என்றும் இருக்கலாம். அந்த மூலையை மட்டும் நேராக நின்று, ஃபிளாஷ் இல்லாமல் இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள், சரிபார்த்துவிடுகிறேன்.