மழைநீர் சேகரிப்புத் தொகுதி அமைப்பதற்கான முன்மொழிவு கோரல்

வேலணை, யாழ்ப்பாணம்
29.06.2026

முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். எமது சனசமூக நிலைய வளவிலுள்ள வாசிகசாலைக்கும் முன்பள்ளிக்கும் பொதுவாக மழைநீர் சேகரிப்புத் தொகுதி ஒன்றை அமைக்கவுள்ளோம். வளவுக் கிணறு கோடையில் உவர்த்துவிடுகிறது. அதன்பிறகு குடிதண்ணீருக்குப் பவுசரைத்தான் பார்த்திருக்க வேண்டியுள்ளது. இவ்வேலைக்கான முன்மொழிவை உங்களிடமும் வேறு மூன்று நிறுவனங்களிடமும் கேட்கிறோம். நால்வருக்கும் அனுப்பும் கடிதம் ஒன்றே.

வாசிகசாலையின் ஓட்டுக்கூரை 90 சதுர மீற்றர், முன்பள்ளியின் தகரக்கூரை 60 சதுர மீற்றர். இரண்டுக்கும் பீலி, இறக்குகுழாய், முதல் மழைநீரைக் கழித்துவிடும் ஏற்பாடு, வடிகட்டி, 20,000 லீட்டர் தாங்கி, பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் இரண்டு குழாய்கள் ஆகியவை வேண்டும். தாங்கி நிலத்துக்கு மேலேயே இருக்கட்டும். இங்கே கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புக்கல் தட்டும். அதை உடைக்கப் பணம் செலவிட விருப்பமில்லை. பெரோசீமெந்தா பிளாஸ்டிக்கா என்பதைக் காரணத்தோடு நீங்களே சொல்லுங்கள். மூடியிலும் வழிவுக்குழாயிலும் நுளம்பு வலை கட்டாயம்.

இன்னொன்று: 150 சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழைக்கு 150 லீட்டர் விழும். ஐந்திலொரு பங்கு வீணானாலும் ஏறத்தாழ 170 மில்லிமீற்றரில் தாங்கி நிரம்பிவிடும். அப்புறம் வழியும் நீரைச் சுத்தமாகக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் நிலத்தில் இறக்க வழி சொல்பவரின் முன்மொழிவை நாம் கூடுதல் கவனத்துடன் பார்ப்போம்.

100 புள்ளிகளில் வடிவமைப்புக்கு 40, விலைக்கு 30, முன்பு செய்த வேலைகளுக்கு 20, இரண்டு வருடப் பராமரிப்புக்கு 10. குறைந்த விலை என்பதற்காக மட்டும் எவரையும் தெரிவுசெய்யமாட்டோம். நீங்கள் கட்டிய தாங்கிகளில் இரண்டையாவது நேரில் காட்ட வேண்டும்; படம் போதாது. விலையை வரிகள் உட்பட, பொருள், கூலி, போக்குவரத்து எனப் பிரித்து, 60 நாட்கள் செல்லுபடியாகும்படி தாருங்கள்.

வேலை செப்டெம்பர் 30க்குள் முடிய வேண்டும். வடகீழ் பருவமழையை இவ்வருடமும் தவறவிட முடியாது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் மேசன்மார் கிடைப்பது கஷ்டம் என்பதையும் கணக்கில் எடுத்தே கால அட்டவணை போடுங்கள். முற்பணம் 20 வீதம், வேலை முடிந்ததும் 70 வீதம். மிகுதி 10 வீதம், ஒரு மாரி முழுவதும் ஒழுக்கில்லாமல் தாங்கியபின், ஜனவரி மாத இறுதியில்.

இடத்தைப் பார்க்க ஜூலை 11, சனிக்கிழமை காலை 9 மணிக்கு வாருங்கள். கேள்விகளை அன்றே கேட்கலாம். பதில்களை நால்வருக்கும் எழுத்தில் அனுப்புவோம். முன்மொழிவையும் விலையையும் தனித்தனி உறைகளில் முத்திரையிட்டு, ஜூலை 24, வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு முன் நிலைய அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். பிந்தி வருபவை திறக்கப்படாமலே திருப்பித் தரப்படும். முன்மொழிவு உறைகள் அன்றே 3.15க்கு, வந்திருப்போர் முன்னிலையில் திறக்கப்படும். விலை உறைகளை வடிவமைப்புக்குப் புள்ளியிட்ட பின்னரே திறப்போம். அதற்கான நாளை உங்களுக்கு அறிவிப்போம். முடிவு ஓகஸ்ட் 3ஆம் திகதி நால்வருக்கும் எழுத்தில் கிடைக்கும்.

இவ்வேலையில் விருப்பமில்லை என்றால் ஜூலை 11க்கு முன் ஒரு வரி எழுதிவிடுங்கள், வேறொருவரைக் கேட்க வசதியாக இருக்கும்.

நன்றி.

செயலாளர்
நிர்வாக சபைக்காக