மத்திமம்

பல் எல்லாம் போன பிறகு வைத்தியநாதனால் நாயனம் ஊத முடியவில்லை. கட்டுப்பல் வைத்துப் பார்த்தார். சீவாளியைக் கவ்வி மூச்சை அழுத்தியதும் மேல் செட்டு கழன்று நாக்கில் விழுந்தது. இது வீட்டில் நடந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். தை மாசத்து மாப்பிள்ளை அழைப்பில், நடுத்தெருவில் நடந்தது. பக்கத்தில் இரண்டாவது நாயனம் ஊதிய பையன் சமாளித்துக்கொண்டான். கிழவர் அன்று வாங்கிய பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்கப்புறம் யார் கூப்பிட்டும் போகவில்லை.

கோயிலுக்கு அவர் இல்லாதது பெரிய கஷ்டமாக இல்லை. உபயதாரர் ஒருத்தர் ஏற்கெனவே இயந்திரம் வாங்கிக் கொடுத்திருந்தார். குருக்கள் சுவிட்சைப் போட்டால் முரசும் மணியும் தானே அடித்துக்கொள்ளும். அதற்குச் சம்பள பாக்கி கிடையாது. காலையில் பூபாளம், ராத்திரி பள்ளியறைக்கு நீலாம்பரி என்று அதனிடம் சொல்லவும் முடியாது, அது வேறு விஷயம்.

பேரன் குமரன் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்தவன். ஏழு வயதிலிருந்து தாத்தாவிடம் கற்றுக்கொண்டவன்தான். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து சாதகம் பண்ணியிருக்கிறான். பிளஸ் டூ வந்ததும் நின்றது, நின்றதை வீட்டில் யாரும் கேட்கவில்லை. தாத்தாவும் கேட்கவில்லை. குமரனின் அப்பாவை அடித்து அடித்துத்தான் சொல்லிக்கொடுத்தார் அவர். ஒரு கல்யாணத்தில் பந்தி முடிந்து மேளக்காரர்களை ஒன்பதரை மணிக்கு எச்சில் இலை எடுத்த இடத்தில் உட்கார வைத்ததும் அப்பா எழுந்து போனவர்தான். இப்போது திருப்பூரில் வேன் ஓட்டுகிறார். "அடிச்சது நானு, ஓடினது அவன். ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்லைன்னு வச்சுக்க" என்பார் கிழவர்.

ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. மாசம் பதினேழாயிரத்து ஐநூறு, கேன்டீன், பஸ். திங்கட்கிழமை சேர வேண்டும். அம்மா இரண்டு புதுச் சட்டை வாங்கி, இஸ்திரி போட்டு வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை தாத்தா, "நரசிங்கன்பேட்டை வரைக்கும் கொண்டு போய் விடுடா" என்றார். மடியில் உறையோடு நாயனம் இருந்தது.

"எதுக்கு தாத்தா?"

"ஆசாரிகிட்ட குடுத்துடலாம்னு. யாராவது இசைப் பள்ளிப் புள்ள கேட்டா வித்துடுவாரு. இங்க கிடந்தா பூச்சி அரிக்கும்."

நாயனம் கடைந்த ஆச்சா மரத்தைப் பூச்சி அரிக்காது. அது குமரனுக்கும் தெரியும்.

வண்டியில் போகும்போது ஆடுதுறை தாண்டும்வரை இருவரும் பேசவில்லை. ஆசாரி வீட்டுத் திண்ணையில் சீவலும் தூளுமாகக் கிடந்தது. இடித்த பழைய வீட்டு உத்தரத்திலிருந்து எடுத்த ஆச்சாக் கட்டைகள் சுவரோரம் சாய்ந்திருந்தன. புது மரத்தில் நாயனம் கடைய மாட்டார்கள். எத்தனையோ வருஷம் கூரையைத் தாங்கிக் காய்ந்த மரம்தான் வெடிக்காது. ஆசாரி உறையைப் பிரித்தார். மரக்குழலான உலவைக் கண்ணருகே வைத்து உள்ளே பார்த்தார். அடியில் விரிந்திருக்கும் அணசைத் தட்டிப் பார்த்தார். தாத்தாவின் விரல் பட்டு ஒவ்வொரு துளையைச் சுற்றியும் கருப்பாக, வழுவழுவென்று பள்ளம் விழுந்திருந்தது.

"எங்க அப்பா கடைஞ்சதுண்ணே இது. விலை பேசணும்னா சத்தம் கேக்கணும். ஊதுங்க."

"எனக்கு ஏதுய்யா பல்லு."

இருவரும் குமரனைப் பார்த்தார்கள்.

சீவாளியை வாயில் போட்டு ஊறவைத்தான். காய்ந்த நாணலின் கசப்பு. நாலு வருஷமாக நாக்கு மறந்திருந்த ருசி. கெண்டையில் செருகி ஊதியபோது வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவை பிளிறியது. ஆசாரியின் பேத்தி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். மூன்றாவது தடவை சட்ஜம் நின்றது.

என்ன வாசிப்பது என்று யோசிக்கவில்லை, விரல் மல்லாரிக்குப் போனது. சுவாமி புறப்பாட்டுக்கு முதலில் கற்றுக்கொள்வதும் அதுதான், கடைசிவரை மறக்காததும் அதுதான். ராகம் கம்பீரநாட்டை. ச க ம ப என்று ஏறியதும் தாத்தா கையைத் தூக்கினார்.

"மத்திமம் கூடுது."

மறுபடி வாசித்தான். அந்த 'ம' மறுபடியும் கொஞ்சம் மேலே போய் நின்றது.

"துளையில கோளாறு இருக்குமோ?"

ஆசாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்த ஊர்ல வந்து சுத்த மத்திமத்தைப் பத்திப் பேசாத தம்பி. குட்டையான திமிரி நாயனம் போயி நீளமான பாரி நாயனம் வந்த காலத்துல, மத்திமம் சுத்தமாப் பேசணும்னு திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாத ஆசாரி ராவிக் கண்டுபிடிச்ச அளவு அது. துளை சரியாத்தான் இருக்கு. உன் மூச்சுதான் சண்டை போடுது."

தாத்தா கட்டுப்பல்லைக் கழற்றித் துண்டில் வைத்தார். பொக்கை வாயாலேயே பாடிக் காட்டினார். காந்தாரத்திலிருந்து தாவாமல், மெள்ளச் சாய்ந்து போய் மத்திமத்தில் உட்கார்ந்தார். "ஏறாத. நகரு."

குமரன் நகர்ந்து பார்த்தான். பாக்கெட்டில் போன் அடித்தது, கம்பெனி நம்பர். சீவாளியை எடுக்காமல் கையால் தடவி அமர்த்திவிட்டு மறுபடி ஊதினான். கீழுதடு மரத்துப்போனது, காதுக்குக் கீழே வலித்தது. ஆசாரி கடைசலுக்குப் போய்விட்டார். கும்பகோணத்திலிருந்து யாரோ சீவாளி வாங்க வந்து, காத்திருந்து, வாங்கிக்கொண்டு போனார். வெயில் திண்ணைக்கு ஏறியது. பத்துக்கு ஒன்று சரியாக விழுந்தது. விழுந்த ஒவ்வொரு தடவையும் கிழவர் தொடையில் ஒரு தட்டு தட்டினார். தப்பியபோது ஒன்றும் சொல்லவில்லை, அப்பாவை அடித்த கை அது என்று நம்பவே முடியாது.

ஆசாரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "என்ன விலைண்ணே சொல்றீங்க?" என்றார்.

தாத்தா வாயைத் திறக்குமுன் குமரன், "விக்கல" என்றான்.

"டேய், திங்கக்கிழமை வேலைக்குப் போறவன் நீ."

"போகல. மகாமகக் குளத்துக்கிட்ட லேத் பட்டறையில ஆள் கேக்குறாங்க. பத்து மணிக்குப் போனாப் போதும். காலையில ஆறு மணி நேரம் இருக்கு."

"சம்பளம்?"

"பாதி."

"முகூர்த்தத்தை நம்பாத. ஆடியில இல்லை, புரட்டாசியில இல்லை, மார்கழியில இல்லை. இருக்கிற மாசத்துலயும் செண்டை மேளம் கேக்குறான், டிஜே கேக்குறான்."

"தெரியும். அதான் லேத்து."

கிழவர் பல்லை எடுத்து மாட்டிக்கொண்டார். மாட்டியதும் குரல் கறாராகிவிட்டது. "எனக்காகச் செய்யறதா இருந்தா வேண்டாம். நான் இன்னும் எத்தனை நாளைக்கு? அப்புறம் என்னைத் திட்டிக்கிட்டே ஊதுவ."

"உனக்காக இல்ல தாத்தா. அந்த மத்திமம் பத்துக்கு ஒண்ணுதான் விழுது. எரிச்சலா இருக்கு."

தாத்தாவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று என்று நினைக்கிறேன். பாரம்பரியம், கலைச்சேவை என்று ஏதாவது சொல்லியிருந்தால் நாயனத்தை ஆசாரியிடமே விட்டுவிட்டுக் கிளம்பியிருப்பார்.

"ஆனா ரெண்டு கண்டிஷன்" என்றான் குமரன். "முன்பணம் வாங்காம எந்தக் கல்யாணத்துக்கும் வர மாட்டேன். சாப்பாடு, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க உக்காருற பந்தியில."

"அப்ப உனக்கு சான்ஸே வராதுடா!" கிழவர் சிரித்ததில் மேல் செட்டு மறுபடி நழுவியது, கையால் பிடித்துக்கொண்டார். ஆசாரியும் சிரித்தார். "வரும்ணே. கேக்க ஆளில்லாமதான் இப்படி ஆச்சு" என்று சொல்லி, நாலு சீவாளியை நூலில் கோத்துக் கொடுத்தார். காசு வாங்க மறுத்தார். தாத்தா விடவில்லை, சீவாளிக்கும் கூலி உண்டு, மேளத்துக்கும் கூலி உண்டு என்று ரூபாயைத் திண்ணையில் வைத்தார்.

வண்டியில் ஏறியதும் குமரனின் தோளைத் தட்டினார்.

"சரி, இதெல்லாம் இருக்கட்டும். அந்த ரெண்டு சட்டைக்கு உங்கம்மாகிட்ட நீதான் பதில் சொல்லணும். நான் கோயில் வாசல்லயே இறங்கிக்கிறேன்."