சேருக்கு மணிவிழா வாழ்த்து மடல்

அன்புக்குரிய சேர்,

நீங்கள் பிறந்த விசுவாவசு வருடம் அறுபது ஆண்டு சுற்றி மறுபடி வந்திருக்கிறது. 1965 புரட்டாதியில் பிறந்த நீங்கள், இந்தப் புரட்டாதியில் அதிபர் கதிரையை விட்டு எழும்பி வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். மணிவிழாவுக்கு நேரில் வர முடியாத நாங்கள், ரொறன்ரோ, லண்டன், ஒஸ்லோ, பாரிஸ், சூரிச், மெல்பேர்ண் என்று ஆளுக்கொரு மூலையில் இருந்து கூடி இதை எழுதுகிறோம். மண்டபத்தில் ரீச்சர் இதை வாசிக்க வேண்டும் என்பது எங்கள் எல்லோருடைய ஆசை. எங்கள் பசியையும் உங்கள் பசியையும் ஒன்றாகப் பார்த்தவர் அவர்.

பொன்னாடையும் மாலையும் ஊரில் இருப்பவர்கள் போடுவார்கள். நாங்கள் அந்த இடாப்பைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

1995ஆம் ஆண்டு நாங்கள் ஆண்டு 10. நாற்பத்திரண்டு பேர். மண்ணெண்ணெய் கிடைக்காத காலம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, திரி கொளுத்திப் படித்தோம். ஒரு விளக்குக்கு நாலு தலை. வெண்கட்டியும் தட்டுப்பாடுதான். விரலால் பிடிக்க முடியாத துண்டுகளைப் பப்பாசித் தண்டின் ஓட்டைக்குள் செருகி நீங்கள் கரும்பலகையில் எழுதுவீர்கள். தண்டு காய்ந்தால் அடுத்த நாள் பச்சைத் தண்டு ஒன்று சட்டைப் பையில் இருக்கும். அந்தப் பையில் எப்போதும் ஒரு பச்சைக் கறை. எங்களில் பலருக்குக் கேத்திரகணிதம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கறைதான்.

ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தது. கொட்டும் மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கிச் சனம் அடி அடியாக நகர்ந்தது. அந்த இரவைப் பற்றி இதற்கு மேல் எழுத எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. உங்கள் சைக்கிள் கரியரில் உங்கள் அம்மா இருந்தார். ஹாண்டிலில் தொங்கிய பைக்குள், பொலித்தீனில் சுற்றி, எங்கள் வகுப்பு வரவு இடாப்பு. உடுப்பு எடுக்க இடமில்லாத சைக்கிளில் இடாப்புக்கு இடம் இருந்தது.

மூன்றாவது கிழமை மீசாலையில் ஒரு மாமரத்தின் கீழ் வகுப்பு வைத்தீர்கள். பரீட்சை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பலகை இல்லை. மண்ணில் ஒரு தடியை நட்டு, கயிறு கட்டி, மறு முனையில் கூரான குச்சியைப் பிடித்து ஒரு சுற்று நடந்தீர்கள். நாங்கள் உள்ளே போய் நிற்கும் அளவுக்குப் பெரிய வட்டம். அதற்குத் தொடலி வரையச் சொல்லி எங்களில் ஒருத்தியிடம் குச்சியைக் கொடுத்தீர்கள். இன்று லண்டனில் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பிக்கும் அவள், ஒவ்வொரு புது வகுப்பையும் ஒரு நாள் விளையாட்டுத் திடலுக்குக் கூட்டிப்போய்க் கயிற்றால் வட்டம் போட வைக்கிறாள்.

ஆனால் அந்த வகுப்புத் தொடங்கியது வட்டத்தில் இல்லை. முதலில் இடாப்புக் கூப்பிட்டீர்கள். பழைய ஒழுங்கில், ஒரு பெயரும் விடாமல், நாற்பத்திரண்டையும். வந்திருந்தது பதினேழு பேர். மற்றப் பெயர்கள் வந்தபோது நீங்கள் நிறுத்தி, "அவன் எங்கை நிக்கிறான், ஆருக்கும் தெரியுமோ?" என்று கேட்டீர்கள். யாரோ கொடிகாமத்தில் கண்டதாகச் சொன்னால் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் கொடிகாமம். கிளிநொச்சி, மடு, இந்தியா என்று கிழமைக்குக் கிழமை ஓரம் நிரம்பியது. வரவில்லை என்ற குறியை அந்த மாதம் நீங்கள் யாருக்கும் போடவில்லை.

ஸ்காபரோவில் வாகனம் திருத்தும் கடை வைத்திருக்கும் நண்பர் தன் கதையைக் கட்டாயம் சேர்க்கச் சொன்னார். ஊர் திரும்பிய பிறகு அவர் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தகப்பனின் கராச்சில் நின்றார். ஒரு பின்னேரம் நீங்கள் அங்கே போய்ப் பழைய டயர் ஒன்றில் இருந்தீர்கள். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லையாம். இரண்டு ஸ்பனரை எடுத்து, "5/8 பெரிசோ, 9/16 பெரிசோ?" என்று கேட்டீர்களாம். பார்க்காமலே 5/8 என்றார். "எப்படிச் சொல்லுவாய்?" 8ஐ 16 ஆக்கினால் 5 பத்தாகும் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டார். "பின்னக் கணக்கு வராது எண்டு உனக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டுவிட்டு எழும்பி வந்துவிட்டீர்கள். அடுத்த திங்கள் அவர் வாங்கில் இருந்தார். சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடைந்தார். அந்தச் சின்ன ஸ்பனர் இன்றும் அவரிடம் இருக்கிறது.

அதிபரான பிறகும் நீங்கள் மாறவில்லை. மெல்பேர்ணில் தாதியாக வேலை செய்யும் தங்கை 2011இல் வன்னியில் இருந்து வந்தவள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் இல்லை, விடுகைப் பத்திரமும் இல்லை. எல்லாம் கடற்கரையோடு போய்விட்டது. முந்தி ஏறிய ஒரு பள்ளிக்கூடத்தில் பத்திரம் கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். நீங்கள் அவளுடைய பெயரை மட்டும் கேட்டு, இடாப்பில் எழுதி, வகுப்புக்கு அனுப்பிவிட்டு, தாயை இருத்தித் தேத்தண்ணி கொடுத்தீர்கள். பத்திரங்களுக்கான அலைச்சலை நீங்களே அலைந்தீர்கள். அவளை அன்று வகுப்பில் விடாமல் இருந்திருந்தால் அவள் இன்று எங்கே இருப்பாள் என்று எங்களுக்குத் தெரியாது சேர். அவளுக்கும் தெரியாதாம்.

போன ஆண்டு எங்களில் இருவர் வந்தபோது அந்த 1995 இடாப்பை எடுத்துக் காட்டினீர்கள். மீசாலை அழிந்து வவுனியா, அது அழிந்து கொழும்பு, அதற்கு மேலே நோர்வே. அழித்து அழித்து எழுதிய இடங்களில் தாள் வெங்காயத் தோல் மாதிரி மெலிந்திருந்தது. மூன்று பெயர்களுக்குப் பக்கத்தில் ஊர் இல்லை, திகதி மட்டும். இரண்டு பெயர்களுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி. முப்பது வருடமாக அந்த இரண்டையும் நீங்கள் பேனாவால் எழுதவில்லை. ஏன் எல்லாம் பென்சிலில் என்று கேட்டதற்கு, "ஆக்கள் அசைவினம்தானே" என்றீர்கள். திரும்பி வரும் வழியில் அவர்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லையாம்.

மோதிரம் வேண்டாம், சங்கிலி வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டீர்கள். சரி. நீங்கள் கேட்டபடி, தூரத்தில் இருந்து நடந்து வரும் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு சைக்கிள் அடுத்த தவணைக்கு முன் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடும். எல்லாவற்றுக்கும் கரியர் பூட்டச் சொல்லியிருக்கிறோம்.

ரீச்சர், சேரை இனியாவது வெயிலுக்குள் சைக்கிளில் விடாதீர்கள். சீனியையும் பார்த்துக்கொள்ளுங்கள். இருவரும் நூறாண்டு நல்ல சுகத்தோடு இருக்க நல்லூர்க் கந்தனை வேண்டுகிறோம்.

சேர், இடாப்பில் சில மாற்றங்கள். 7ஆம் இலக்கம் ஒஸ்லோவை விட்டு பேர்கனுக்குப் போய்விட்டார். 19 பாரிசில்தான், வீடு மாத்திரம் மாறியிருக்கிறது. 23 சூரிச்சில், இந்த ஆவணியில் மகளுக்குக் கல்யாணம் முடிந்தது. 31 ரொறன்ரோவை விட்டு மார்கழியில் ஊரோடு வருகிறார், கோண்டாவிலில் வீடு கட்டி முடிகிறது. வந்த அடுத்த நாளே உங்களிடம் வருவார்.

என்றும் உங்கள் மாணவர்கள்